105 பற்களும் ஓர் உயிரும்: ‘யாராலும் நியாயமாக மறுக்க முடியாத விதி’யைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

1990 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பட்டியல் வெளியானது. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் எந்தச் சிகிச்சைக்கு முதலில் பணம் ஒதுக்குவது, எதைக் கடைசியில் வைப்பது என்று சுமார் 1,600 சிகிச்சைகளை வரிசைப்படுத்திய பட்டியல் அது. அதில் 371ஆவது இடத்தில் சொத்தை ஆழமாகப் போன பல்லுக்கு மூடி போடுவது இருந்தது. 372ஆவது இடத்தில், கருப்பைக்கு வெளியே கரு தங்கிவிட்ட பெண்ணுக்கான அறுவை சிகிச்சை. அதைச் செய்யாவிட்டால் கருக்குழாய் வெடித்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டி, அந்தப் பெண் இறந்துபோகலாம்.

பல் மேலே, உயிர் கீழே. பார்த்தவர்கள் எல்லாரும் ‘கணக்கு எங்கேயோ பிசகிவிட்டது’ என்றார்கள். தரவுகளில் குறைகள் இருந்தது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு வரிகளில் கூட்டல் பெருக்கல் தப்பவில்லை. கணக்கு சரி, கணக்குப் போட்ட முறைதான் கேள்விக்குரியது. அறவியலில் அரை நூற்றாண்டாக நடக்கும் ஒரு பெரிய வாதம் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கியிருப்பதால், இதையே வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதலில் அந்தக் கணக்கு

பட்டியலைத் தயாரித்த ஓரிகன் ஆணையம் செய்தது எளிமையானது. ஒரு சிகிச்சையால் நோயாளியின் வாழ்க்கைத் தரம் எவ்வளவு உயர்கிறது என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண். அந்தப் பலன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பது இன்னொரு எண். இரண்டையும் பெருக்கி, அதைக் கொண்டு செலவை வகுத்தால் ‘ஓர் அலகு பலனுக்கு எத்தனை டாலர்’ என்று கிடைக்கும். டாலர் குறையக் குறைய வரிசையில் மேலே.

```
பல்லுக்கு மூடி:    38.10 ÷ (0.08 × 4)  ≈ 119
அறுவை சிகிச்சை:   4015 ÷ (0.71 × 48) ≈ 118
```

0.08 என்பது முழுமையாக்கிய எண். ஆணையத்தின் துல்லியமான கணக்கில் பல்லுக்கு 117.6, அறுவைக்கு 117.8 வந்தது. அந்தப் புள்ளி இரண்டில்தான் பல் மேலே ஏறியது. ஓர் அறுவைக்கு ஆகும் பணத்தில் 105 பேருக்குப் பல் மூடி போடலாம். ஆளுக்குக் கிடைக்கும் பலன் சின்னது, ஆனால் 105 சின்னவற்றைச் சேர்த்தால் ஒரு பெரியதற்குச் சமமாகிறது.

இதுதான் பயன்வாதத்தின் (யுடிலிடேரியனிசம்) இதயம். யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்காதே, எல்லாருடைய நன்மை தீமைகளையும் ஒரே குவியலாகக் கூட்டு, குவியல் பெரிதாகும் வழியைத் தேர்ந்தெடு. இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஏழையின் வலியும் பணக்காரனின் வலியும் ஒரே எடை என்று துணிந்து சொன்னதே இந்தக் கூட்டல்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 105 பேரின் பலனைக் கூட்டி வரும் அந்தப் பெரிய பலனை அனுபவிக்க ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் அனுபவிப்பது தன் ஒரு பல்லை மட்டும். இழப்பை மட்டும் முழுசாக ஒரே ஆள் சுமக்கிறாள். தத்துவஞானி ஜான் ரால்ஸ் 1971இல் பயன்வாதத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டு இதுதான்: மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்பதை அது பொருட்படுத்துவதில்லை.

‘பலன் எண்ணை மாற்றினால் போச்சு’ என்று பயன்வாதி சொல்லலாம். சரி, 0.08 அதிகம், 0.01 போடுவோம். இப்போது அறுவை வெகுதூரம் முன்னால் போய்விடும். ஆனால் நாளைக்கு 4 டாலரில் மூடி போடும் முறை வந்தால் பல் மறுபடியும் பக்கத்தில் வந்து நிற்கும். எத்தனை பல் ஓர் உயிருக்குச் சமம் என்ற விடைதான் மாறும், அந்தக் கேள்வி போகாது.

மாற்று வழி

டி. எம். ஸ்கேன்லன் என்ற அமெரிக்கத் தத்துவஞானி 1982இல் ஒரு கட்டுரையிலும், பிறகு 1998இல் ஒரு நூலிலும் இன்னொரு வழியை வைத்தார். அதற்கு ஒப்பந்தவாதம் (கான்ட்ராக்சுவலிசம்) என்று பெயர். என் வார்த்தையில் சொன்னால் இப்படி: எல்லாரும் விவரம் தெரிந்து, கட்டாயமில்லாமல், சேர்ந்து வாழ்வதற்கான விதிகளைத் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் யாராலும் நியாயமாக மறுக்க முடியாத விதித்தொகுப்பு எதுவாக இருந்தாலும், அது ஒரு செயலைத் தடுக்குமானால் அந்தச் செயல் தவறு.

இங்கே ‘ஒப்பந்தம்’ என்பது யாரும் கையெழுத்துப் போட்ட பத்திரம் இல்லை. ஓட்டெடுப்பும் இல்லை. கேள்வி, மறுப்பார்களா என்பதும் அல்ல. மறுக்க அவர்களிடம் நியாயமான காரணம் இருக்கிறதா என்பதுதான். பிடிவாதக்காரர் எதையும் மறுப்பார், பயந்தவர் எதையும் ஏற்பார். இரண்டும் கணக்கில் வராது.

படி 1: செயலை விதியாக எழுதுங்கள்

‘இந்தப் பெண்ணுக்கு மறுக்கலாமா’ என்று கேட்டால் சோதனை ஓடாது. அதன் பின்னால் இருக்கும் விதியை எழுத வேண்டும். நம் வழக்கில் விதி இப்படி வரும்: ‘பொதுப்பணத்தைச் செலவிடும் அதிகாரி, உயிரைக் காக்கும் சிகிச்சைக்கு ஆகும் தொகையில் பலருக்குச் சின்னச் சிகிச்சைகள் செய்து அதே அளவு மொத்தப் பலன் தர முடியுமானால், உயிர்காக்கும் சிகிச்சையைக் கைவிடலாம்.’ இதை விதி அ என்போம். எதிரே விதி ஆ: ‘அப்படிக் கைவிடக் கூடாது.’

எதிர்விதியை எழுதாமல் விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. விதி ‘அ’வுக்கு எதிராக ஒருவரிடம் காரணம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எல்லா விதிக்கும் யாராவது ஒருவர் பாதிக்கப்படுவார். மாற்று விதியால் மற்றவர்கள் படும் பாட்டோடு ஒப்பிடும்போது அந்தக் காரணம் நிற்கிறதா என்பதே கேள்வி.

படி 2: யார் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள்

அடுத்து, இந்த விதிகளின் கீழ் ஒருவர் நிற்கக்கூடிய இடங்களை எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், இடம் போதும். இங்கே முக்கியமானவை இரண்டு: சிகிச்சை மறுக்கப்பட்டுச் சாகக்கூடிய பெண்ணின் இடம், பல் மூடி கிடைக்காமல் வலியோடு இருப்பவரின் இடம்.

ஒவ்வோர் இடத்திலும் நிற்பவருக்கு என்ன காரணம் இருக்கும் என்பதை அவருடைய வாழ்க்கைக்கு என்ன ஆகிறது என்ற மொழியில் மட்டும் எழுத வேண்டும். ‘அது அநியாயம்’, ‘என் உரிமை’ என்று எழுதினால் சோதனை கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஏன் தவறு? மறுக்கலாம் என்பதால். ஏன் மறுக்கலாம்? தவறு என்பதால். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். ஒப்பந்தவாதத்தின் மேல் வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டே இதுதான், அசட்டையாகக் கையாண்டால் அது உண்மையும் ஆகிவிடும். அதனால் பெண்ணின் காரணம்: ‘இனி வாழக்கூடிய 48 ஆண்டுகள் போகும்.’ பல்காரரின் காரணம்: ‘நான்கு ஆண்டு வலியும் தொந்தரவும்.’

பல்வலியைச் சின்ன விஷயம் என்று நானும் எழுதிக்கொண்டு போகிறேன். இரவு இரண்டு மணிக்கு அது வந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது, எனக்கும் தோன்றியதில்லை. அந்த எடையை முழுசாகவே போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். சோதனை நேர்மையாக இருக்க வேண்டுமானால், தோற்கப்போகிற பக்கத்தின் காரணத்தைக் குறைத்து எழுதக் கூடாது.

படி 3: ஒருவருக்கு எதிரே ஒருவர்

பயன்வாதமும் ஒப்பந்தவாதமும் பிரியும் இடம் இதுதான். 105 பல்காரர்கள் கூடி ஒரே குரலில் பேச இங்கே அனுமதி இல்லை. ஒவ்வொருவராக வந்து, தன் காரணத்தை மட்டும் வைக்க வேண்டும். முதலாமவர் வருகிறார்: என் பல். அந்தப் பெண்ணின் உயிருக்கு எதிரே அது நிற்கவில்லை. இரண்டாமவர், மூன்றாமவர், 105ஆமவர் வந்தாலும் சொல்வது அதேதான். ‘எங்களைப்போல் 105 பேர் இருக்கிறோம்’ என்பது அவர்களில் யாருடைய வாழ்க்கையிலும் நடப்பதல்ல, அதனால் அது யாருடைய காரணமும் அல்ல.

ஆக, விதி ‘அ’வை அந்தப் பெண் நியாயமாக மறுக்கலாம். விதி ‘ஆ’வைப் பல்காரர் எவரும் நியாயமாக மறுக்க முடியாது. 105 இல்லை, 105 லட்சம் ஆனாலும் இதே முடிவுதான்.

ஸ்கேன்லன் தன் நூலில் இதைக் காட்டச் சொல்லும் கதை பிரபலம். ஒளிபரப்பு நிலையத்தில் ஒருவர் மேல் கருவி விழுந்து கை நசுங்கிவிடுகிறது. மின்சாரம் தாங்க முடியாத வேதனையோடு உடம்பில் பாய்ந்துகொண்டிருக்கிறது. அவரை மீட்க ஒளிபரப்பைக் கால் மணி நேரம் நிறுத்த வேண்டும். உலகக் கோப்பை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ஆட்டம் முடிய இன்னும் ஒரு மணி நேரம். காத்திருந்தால் காயம் மோசமாகாது, வேதனை மட்டும் நீளும். எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் உடனே நிறுத்த வேண்டும் என்கிறார் அவர். பயன்வாதி எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

படி 4: எண்ணிக்கை உள்ளே வரும் இடம்

இங்கே நின்றுவிட்டால் ஒப்பந்தவாதம் அழகாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் ஓர் உயிர், மறுபக்கம் ஐந்து உயிர் என்றால்? ஒருவருக்கு எதிரே ஒருவராக நிறுத்தினால் எல்லாரும் சமம். தத்துவஞானி ஜான் டாரக் 1977இல் இதை நேராகவே கேட்டு, நாணயம் சுண்டிப் பார்க்கலாம் என்ற அளவுக்குப் போனார். பெரும்பாலானோரால் அதை விழுங்க முடியவில்லை.

ஸ்கேன்லன் சொன்ன வழி: ஓர் உயிர், எதிரே ஓர் உயிர் என்றால் சமன். இப்போது இரண்டாமவர் ஒரு பக்கத்தில் வந்து சேர்கிறார். அப்போதும் நாணயம்தான் சுண்டுவோம் என்றால், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது. ‘என் உயிர் இந்த முடிவில் ஒரு துளியும் எடை பெறவில்லையே’ என்பது அவர் தனி ஆளாகவே வைக்கக்கூடிய காரணம். அதனால் அவர் தராசைச் சாய்க்கிறார். கூட்டல் கணக்கு இல்லாமலே பெரிய எண்ணிக்கையைக் காப்பாற்றும் விதி கிடைத்துவிடுகிறது. புத்திசாலித்தனமான வாதம். கூட்டல் வேறு வேஷத்தில் வந்துவிட்டது என்று மைக்கேல் ஒட்சூகா போன்ற தத்துவஞானிகள் சொல்வதை முழுசாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை: ‘சாய்க்கிறார்’ என்று சொல்வதற்கே, ஏற்கெனவே அந்தப் பக்கம் நிற்பவரோடு சேர்த்துத்தானே அவரைப் பார்க்கிறோம்?

இன்னும் கடினமானது நடுவில் இருக்கும் வழக்கு. பல்லுக்குப் பதிலாக 105 பேரின் கண்பார்வை என்று வையுங்கள். ஒருவரின் உயிரோடு ஒருவரின் பார்வையை நிறுத்தினால் உயிர்தான் கனம். ஆனால் 105 பேர் குருடாகட்டும் என்று விட்டுவிட எனக்குக் கை வராது. ஸ்கேன்லனும் இங்கே தயங்குகிறார். ஓர் இழப்பு இன்னொன்றைவிடச் சிறியதானாலும், அதன் பக்கத்தில் வைத்துப் பேசத் தக்க அளவு பெரியதாக இருந்தால், எண்ணிக்கையைப் பார்க்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைக்கிறார். பல்வலி அந்தக் கதவுக்கு வெளியே, பார்வை உள்ளே. கோடு எங்கே என்று அளந்து சொல்லும் சூத்திரம் கிடையாது. பயன்வாதி இங்கே சிரிப்பார், சிரிக்க அவருக்கு உரிமையும் உண்டு.

படி 5: எந்த நேரத்தில் நின்றுகொண்டு கேட்கிறோம்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ மொத்தச் சோதனையிலும் இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இதுவரை, நோய் வந்துவிட்ட பெண்ணை நிறுத்திப் பேசினோம். ஆனால் பட்டியல் எழுதும்போது யாருக்கு என்ன வரும் என்று தெரியாது. திட்டத்தில் இருக்கும் ஒரு சாதாரணப் பெண், ‘எனக்குக் கரு இடம் மாறித் தங்க வாய்ப்பு மிகக் குறைவு, பல் சொத்தைக்கு வாய்ப்பு அதிகம்’ என்று நினைக்கலாம். அந்த நேரத்தில் அவளிடம் எந்த விதி வேண்டும் என்று கேட்டால்?

கணக்குப் போட்டே பார்ப்போம். பல்லுக்கான வாய்ப்பு அறுவைக்கான வாய்ப்பைப் போல் 105 மடங்கு என்று வையுங்கள். அறுவையால் கிடைக்கும் பலன் 0.71 × 48, அதாவது சுமார் 34. பல்லால் 0.08 × 4, அதாவது 0.32. அதை 105ஆல் பெருக்கினால் 33.6. வாய்ப்போடு பெருக்கிப் பார்த்தால் அவளுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வெளியே தள்ளிய ஓரிகன் பட்டியல் பின்வாசல் வழியாக அப்படியே உள்ளே வந்துவிட்டது! காரணம் எளிது. முன்பு 105 பேரின் மேல் கூட்டினோம், இப்போது ஒரே ஆளின் 105 வாய்ப்புகளின் மேல் கூட்டுகிறோம். ஒருவருக்கு எதிரே ஒருவர் என்ற தடுப்பு இங்கே எதையும் தடுக்கவில்லை. (ஆண்களுக்கு அந்த நோயே வராது. அவர்களை முன்கூட்டியே கேட்டால், அறுவைக்குத் தன் நலனை மட்டும் வைத்து வாதாட அவர்களிடம் எதுவுமே இல்லை. முன்கூட்டியே கேட்பது எவ்வளவு கோணலாகலாம் என்பதற்கு இதுவே சாட்சி.)

அப்படியானால் எப்போதும் நடந்து முடிந்த பிறகு நின்று பார்த்தால் என்ன? அதிலும் குழி இருக்கிறது. சாலைகளும் விமானங்களும் என்றாவது யாராவது ஒருவரைக் கொல்லும். செத்தவரின் இழப்புக்கு எதிரே மற்றவர்களின் வசதியை ஒவ்வொன்றாக நிறுத்தினால் எதுவும் ஓடக் கூடாது என்றாகிவிடும். ஸ்கேன்லன் இதற்கு, தேவையான எச்சரிக்கைகளை எடுத்த பிறகு செய்யலாம் என்ற விதியை யாரும் நியாயமாக மறுக்க முடியாது என்று பதில் சொன்னார். அது எவ்வளவு எச்சரிக்கை என்பதைச் சொல்லவில்லை. பின்னால் யோஹான் ஃப்ரிக் போன்ற தத்துவஞானிகள் 2015 வாக்கில், ஆபத்து எல்லாருக்கும் பரவியிருக்கும்போது முன்கூட்டிய வாய்ப்பைத்தான் எடைபோட வேண்டும் என்று வாதிட்டார்கள். தடுப்பூசித் திட்டங்களுக்கு அது பொருந்துகிறது. ஊசி போடும் தருணத்தில் ஒவ்வொருவருக்கும் அது நல்ல பேரம், யாரையும் தெரிந்தே பலி கொடுக்கவில்லை.

ஓரிகன் வழக்கில் நான் எந்தப் பக்கம் என்றால், நடந்த பிறகு பார்க்கும் பக்கம். தடுப்பூசியில் முடிவு ஒரே தடவை எடுக்கப்படுகிறது, அப்புறம் விளைவு தானாக வருகிறது. சிகிச்சை மறுப்பு அப்படியில்லை. வயிற்று வலியோடு அந்தப் பெண் மருத்துவமனை வாசலுக்கு வந்து நிற்கிறாள், யார் என்று தெரிகிறது, என்ன நோய் என்று தெரிகிறது, காப்பாற்ற முடியும் என்றும் தெரிகிறது. அந்த நேரத்தில் முடிவு மறுபடியும் எடுக்கப்படுகிறது. ‘உனக்கு வாய்ப்புக் குறைவாக இருந்தபோது இது உனக்கு நல்ல விதிதான்’ என்று அவளிடம் சொல்வது, இப்போது எடுக்கும் முடிவுக்குப் பழைய முடிவைச் சாக்காக்குவது. ஆகவே உங்கள் வழக்கை எடுத்துக்கொண்டு இந்தப் படிக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: ஆள் தெரிந்த பிறகும் மறுக்கும் செயல் ஒன்று பாக்கியிருக்கிறதா? இருந்தால் அந்த ஆளின் முழு இழப்பையும் எடைபோடுங்கள். இல்லாவிட்டால் வாய்ப்பை எடைபோடலாம்.

இந்த வரையறை எல்லா வழக்குக்கும் ஒத்துவராது. சுரங்கத்தில் சிக்கிய ஒருவரை மீட்கும் பணத்தில் பத்துச் சுரங்கங்களைப் பலப்படுத்தி, யாரென்று தெரியாத ஐந்து பேரை வருங்காலத்தில் காப்பாற்றலாம் என்றால் என் கேள்வி ஒருவரின் பக்கமே சாயும். அங்கே எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

ஓரிகனில் என்ன ஆனது

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 371உம் 372உம் அடுத்தடுத்த வரிகள். பணம் தீரும் கோடு அவற்றுக்கு நடுவில்தான் விழும் என்று இல்லை. பட்டியல் நடைமுறைக்கே வரவில்லை என்பதால் எந்தப் பெண்ணும் அதனால் சாகவில்லை.

ஆணையம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 1991இல் புதிதாக எழுதியது. இந்த முறை சிகிச்சைகளை 17 வகைகளாக முதலில் பிரித்தார்கள். உயிருக்கு ஆபத்தான, சிகிச்சை செய்தால் முழுசாகக் குணமாகும் நோய்கள் மேலே வந்தன. செலவு பின்னுக்குப் போனது. 709 வரிகளில் 587 வரை பணம் என்று கோடு போட்டார்கள். ஆணையத்தில் யாரும் ஸ்கேன்லனைப் பின்பற்றியதாகச் சொல்லவில்லை. ஆனால் வகைகளைப் பிரித்த விதம் கிட்டத்தட்ட படி 3தான்: எவ்வளவு பெரிய இழப்பு என்று முதலில் பார், பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்போதும் 1992இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. காரணம், வாழ்க்கைத் தர மதிப்பெண்கள் பொதுமக்களைத் தொலைபேசியில் கேட்டு வாங்கியவை. ஊனத்தோடு வாழ்வதைப் பற்றி, அப்படி வாழாதவர்கள் கொடுத்த எண்கள் அவற்றில் இருந்தன. அப்படியானால் ஊனமுள்ளவரின் உயிரைக் காப்பாற்றுவதற்குக் கிடைக்கும் பலன் குறைவு என்று அட்டவணை சொல்லிவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய பாகுபாடு எதிர்ப்புச் சட்டத்துக்கு அது முரண் என்றார்கள். மாநிலம் அந்த எண்களை எடுத்துவிட்டுத் திரும்ப விண்ணப்பித்தது. 1993இல் அனுமதி கிடைத்து, 1994 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியது.